வருமான வரிக் கணக்கு ஒத்துப்போகாதபோது: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

ஜூன் மாதத்தில் படிவம் 16 கைக்கு வந்ததும், எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் என் மேசையைத் தேடி வருபவர்களிடம் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: "நான் போட்ட கணக்கில் ஒரு தொகை வருகிறது, வருமான வரித் தளம் வேறொரு தொகையைக் காட்டுகிறது, எது சரி?" பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை தேடியதில், பிழைகள் எண்ணற்றவை அல்ல என்பதும், ஏறத்தாழ ஆறு இடங்களில்தான் அவை திரும்பத் திரும்ப நிகழ்கின்றன என்பதும் தெளிவாயிற்று. அந்த இடங்களை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

இதில் உள்ள எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கானவை. அந்த ஆண்டின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்துவதால் பிரிவு எண்களும் அந்தச் சட்டத்தின்படியே உள்ளன. இந்தியாவில் வசிக்கும், சம்பளமே முதன்மை வருமானமாக உள்ள தனிநபருக்காக இது எழுதப்பட்டுள்ளது.

## எந்த அறிகுறியாயினும் முதலில் செய்ய வேண்டியது

உங்கள் கணக்கையும் தளத்தின் கணக்கையும் இறுதித் தொகையில் ஒப்பிடாதீர்கள். கீழுள்ள வரிசையில் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, முதன்முதலில் எந்த வரியில் வேறுபாடு தோன்றுகிறது என்று பாருங்கள். பிழை அந்த வரியில் இருக்கும். அதற்குக் கீழே உள்ள வேறுபாடுகள் அனைத்தும் அதன் விளைவுகளே.

```
1. மொத்த வருமானம் - கழிவுகள் = வரிக்குரிய வருமானம்
2. அடுக்குப்படி வரி
3. (-) 87ஏ தள்ளுபடி அல்லது விளிம்பு நிவாரணம்
4. (+) செஸ் 4%
5. (-) டிடிஎஸ், முன்கூட்டிய வரி
6. (+) வட்டி, தாமதக் கட்டணம்
```

இரண்டாம் வரியைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அதன் பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் விகிதம் 5, 10, 15, 20, 25 என உயர்ந்து, 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காடாகிறது. ஆகவே வருமானம் சரியாக 8 லட்சமானால் வரி 20,000 ரூபாய், 12 லட்சமானால் 60,000, 16 லட்சமானால் 1,20,000, 20 லட்சமானால் 2,00,000, 24 லட்சமானால் 3,00,000. உங்கள் வருமானத்துக்குச் சற்றுக் கீழே உள்ள எல்லையின் வரியை எடுத்துக்கொண்டு, மீதித் தொகைக்கு மட்டும் அடுத்த விகிதத்தைப் போட்டால் போதும். முழு வருமானத்தையும் கடைசி விகிதத்தால் பெருக்கிவிட்டு அதிர்ந்துபோய் வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய சிக்கல் இந்த ஒரே வரியில் தீர்ந்துவிடும்.

## அறிகுறி 1: ஆண்டு முழுவதும் டிடிஎஸ் பிடிக்கவே இல்லை, தளமோ பெருந்தொகை கட்டச் சொல்கிறது

ஆண்டின் நடுவில் வேலை மாறினீர்களா?

ஆம் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், பெரும்பாலும் காரணம் இதுதான். நிலையான கழிவு 75,000 ரூபாய் என்பது ஒரு நபருக்கு ஓராண்டுக்கு ஒரு முறை மட்டுமே கிடைக்கும். அடுக்குகளும், புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரியை நீக்கும் 87ஏ தள்ளுபடியும் அப்படியே. ஆனால் இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று அறியாமல் தத்தம் படிவம் 16இல் ஆளுக்கு ஒரு முறை இவை அனைத்தையும் கொடுத்துவிடுகின்றன. இரண்டு படிவங்களும் தனித்தனியே பிழையற்றவையாகவே தோன்றும். சேர்த்துப் பார்க்கும்போதுதான் குறை வெளிப்படும்.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 1,00,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஓரிடத்திலும், அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 1,20,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேறோர் இடத்திலும் பணியாற்றினார். முதல் நிறுவனம் ஆண்டுச் சம்பளத்தை 12 லட்சமாக மதிப்பிட்டு, 75,000 கழித்து, 11,25,000 ரூபாய்க்குத் தள்ளுபடி கிடைப்பதால் வரி எதுவும் பிடிக்கவில்லை. இரண்டாம் நிறுவனத்திடம் முந்தைய சம்பள விவரம் இல்லை. அது தான் கொடுக்கும் 7,20,000 ரூபாயிலிருந்து 75,000 கழித்து, அதுவும் வரி பிடிக்கவில்லை.

உண்மையான கணக்கு இது: 6,00,000 + 7,20,000 = 13,20,000. ஒரே ஒரு நிலையான கழிவு போக 12,45,000. இவருக்கு வைப்புத்தொகை வட்டி 12,000 ரூபாயும் வந்தது. அந்தத் தொகைக்கு வங்கி டிடிஎஸ் பிடிக்காததால் அவர் அதை மறந்தே போயிருந்தார். வங்கி பிடிக்கவில்லை என்பதால் வட்டி வரியற்ற வருமானமாகிவிடாது. ஆக வரிக்குரிய வருமானம் 12,57,000 ரூபாய்.

அடுக்குப்படி வரி: 60,000 + (57,000 × 15%) = 68,550. விளிம்பு நிவாரணம் 11,550 போக, வரி 57,000. (இந்த நிவாரணம் எப்படி வந்தது என்பதை மூன்றாம் அறிகுறியில் காண்க.) செஸ் 2,280. மொத்தம் 59,280 ரூபாய். டிடிஎஸ் சுழியம் என்பதால் முழுத் தொகையையும் அவரே கட்ட வேண்டியதாயிற்று.

வேலை மாறவில்லை என்றால் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, படிவம் 16இல் இல்லாத வருமானம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். வைப்பு வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி, ஈவுத்தொகை ஆகிய மூன்றுமே வழக்கமாக விடுபடுபவை. அறிக்கையில் உங்களுடையதல்லாத தொகை இருந்தால், அங்கேயே அதற்கு மறுப்புப் பதியலாம்.

இதை முளையிலேயே கிள்ளவும் வழியிருந்தது. புதிய நிறுவனத்தில் சேர்ந்தவுடன் முந்தைய சம்பள விவரத்தைப் படிவம் 12பியில் கொடுத்திருந்தால், மீதி மாதங்களில் வரி சரியாகப் பிடிக்கப்பட்டிருக்கும்.

ஆடிட்டரிடம் செல்ல வேண்டிய கட்டம்: முந்தைய ஆண்டுகளுக்கான நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்திருந்து 89ஆம் பிரிவு நிவாரணம் கோர வேண்டியிருந்தாலோ, பணிநீக்க இழப்பீடு கிடைத்திருந்தாலோ தாமே முயல வேண்டாம்.

## அறிகுறி 2: வருமானம் 12 லட்சத்துக்குள், இருந்தும் வரி வருகிறது

முதலில் பார்க்க வேண்டியது: எந்த முறை தேர்வாகியிருக்கிறது? 60,000 ரூபாய் வரையிலான தள்ளுபடி புதிய முறைக்கு மட்டுமே உரியது. பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால்தான் தள்ளுபடி; அதுவும் 12,500 ரூபாய் வரை மட்டுமே. முறை மாறியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்து: பங்கு அல்லது பரஸ்பர நிதி விற்ற ஆதாயம் இருக்கிறதா? சிறப்பு விகிதத்தில் வரி விதிக்கப்படும் மூலதன ஆதாயத்தின் மீதான வரியைப் புதிய முறையின் தள்ளுபடி குறைக்காது. எடுத்துக்காட்டாக, கழிவுகளுக்குப் பின் சம்பள வருமானம் 9,00,000 ரூபாய். பட்டியலிட்ட பங்குகளில் குறுகிய காலத்தில் கிடைத்த ஆதாயம் 1,00,000. மொத்தம் 10 லட்சம்தான். சம்பளப் பகுதிக்கு அடுக்குப்படி வரி 30,000. அது முழுவதும் தள்ளுபடியாகிவிடும். ஆதாயத்தின் மீது 20 விழுக்காடு, அதாவது 20,000 ரூபாய், நின்றுவிடும். செஸ் 800 சேர்த்து 20,800 கட்ட வேண்டும். தளம் காட்டுவது சரிதான்.

பட்டியலிட்ட பங்குகளின் நீண்ட கால ஆதாயமானால் ஓராண்டில் 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 விழுக்காடு. இங்கும் அந்த வரியைத் தள்ளுபடி தொடாது. சம்பளம் முதலிய இதர வருமானம் 4 லட்சத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும், பயன்படுத்தப்படாத விலக்கு வரம்பை ஆதாயத்தோடு ஈடுசெய்துகொள்ளலாம். ஓய்வுபெற்றவர்களின் கணக்கில் இதைக் கவனமாகப் பாருங்கள்.

ஆடிட்டரிடம் செல்ல வேண்டிய கட்டம்: ஆதாயத்தையும் சேர்த்த மொத்த வருமானம் 12 லட்சத்தை ஒட்டி நிற்கிறது என்றாலோ, முந்தைய ஆண்டு நட்டத்தைக் கழிக்க வேண்டும் என்றாலோ செல்லுங்கள். எல்லைக்கு அருகில் சிறு தவறும் பல ஆயிரம் ரூபாயை மாற்றிவிடும்.

## அறிகுறி 3: 12 லட்சத்தைச் சற்றே தாண்டியதும் என் கணக்கில் வரி 60,000க்கு மேல் எகிறுகிறது, தளமோ குறைவாகக் காட்டுகிறது

இங்கே தளத்தை நம்புங்கள். நீங்கள் விட்டது விளிம்பு நிவாரணம். 12 லட்சம் ரூபாய்க்கு வரியே இல்லாதபோது, பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தவர் அதற்காக 61,500 ரூபாய் கட்டுவது முறையல்ல. ஆகவே புதிய முறையில், 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி சட்டம் தடுக்கிறது.

```
தாண்டிய தொகை = வரிக்குரிய வருமானம் - 12,00,000
நிவாரணம் = அடுக்குப்படி வரி - தாண்டிய தொகை
(விடை சுழியத்துக்குக் கீழே போனால் நிவாரணம் இல்லை)
```

வருமானம் 12,10,000 ஆனால் அடுக்குப்படி வரி 61,500; தாண்டிய தொகை 10,000; நிவாரணம் 51,500; வரி 10,000. இதன் மேல் செஸ் 400 சேர்ந்து 10,400 ஆகும். "தாண்டியது பத்தாயிரம்தானே, 400 எங்கிருந்து வந்தது?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்பார். நிவாரணம் வரிக்குத்தான்; செஸ் அதன் பிறகே கணக்கிடப்படுகிறது.

நிவாரணம் ஏறத்தாழ 12,70,590 ரூபாயோடு நின்றுவிடும். அதற்கு மேல் அடுக்குப்படி வரியே தாண்டிய தொகையைவிடக் குறைவு. பழைய முறையின் 5 லட்சம் எல்லையில் இந்த நிவாரணம் கிடையாது என்பதையும் மனத்தில் வையுங்கள். அங்கே எல்லையைப் பத்து ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

இந்த அறிகுறிக்கு யாரையும் அழைக்கத் தேவையில்லை.

## அறிகுறி 4: கழிவுகளை எல்லாம் கொடுத்தேன்; தளம் ஏற்கவில்லை

எளிய காரணம்: நீங்கள் புதிய முறையில் இருக்கிறீர்கள். 2023-24 நிதியாண்டு முதல் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையே பொருந்தும். அதில் 80சி, 80டி, வீட்டு வாடகைப்படி விலக்கு ஆகியவை கிடையாது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவும், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நிறுவனம் செலுத்தும் பங்குக்கான 80சிசிடி(2) கழிவும் உண்டு.

படிவத்தில் உள்ள கேள்வியை நிதானமாகப் படியுங்கள். "புதிய முறையிலிருந்து விலக விரும்புகிறீர்களா?" என்பதே அதன் பொருள். "ஆம்" என்றால் பழைய முறை. புதிய முறை வேண்டும் என்று எண்ணி "ஆம்" அழுத்தியவர்களையும், பழைய முறை வேண்டி "இல்லை" அழுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த காரணம்: இரு முறைகளையும் கலந்து கணக்கிட்டிருக்கிறீர்கள். நான் திருத்திய கணக்குகளில் மிகுதியாகக் கண்ட பிழை இதுவே. ஒருவருக்குச் சம்பளம் 13,50,000 ரூபாய். அவர் 75,000 நிலையான கழிவு, 80சி 1,50,000, 80டி 25,000 ஆகிய அனைத்தையும் கழித்து 11,00,000 என்று வந்ததும், 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை என்று முடிவு செய்துவிட்டார். புதிய முறையின் தள்ளுபடியும் பழைய முறையின் கழிவுகளும் ஒரே கணக்கில் இடம்பெற முடியாது. பிரித்துப் போட்டால் கிடைப்பது இது.

புதிய முறை: 13,50,000 − 75,000 = 12,75,000. வரி 60,000 + 11,250 = 71,250. தாண்டிய தொகை 75,000 என்பதால் நிவாரணம் இல்லை. செஸ் 2,850. மொத்தம் 74,100.

பழைய முறை: நிலையான கழிவு இங்கே 50,000 மட்டுமே. 13,50,000 − 50,000 − 1,50,000 − 25,000 = 11,25,000. அறுபது வயதுக்கு உட்பட்டவருக்கு 2.5 முதல் 5 லட்சம் வரை 5 விழுக்காடு 12,500. 5 முதல் 10 லட்சம் வரை 20 விழுக்காடு 1,00,000. மீதி 1,25,000க்கு 30 விழுக்காடு 37,500. வரி 1,50,000, செஸ் 6,000, மொத்தம் 1,56,000.

இவருக்குப் புதிய முறையே நல்லது. வாடகைப்படி விலக்கும் வீட்டுக் கடன் வட்டியும் பெரிய அளவில் உள்ள ஒருவருக்கு விடை மாறலாம். ஆகவே இரண்டையும் முழுமையாகத் தனித்தனித் தாளில் போட்டுவிட்டே தேர்ந்தெடுங்கள்.

பழைய முறையில்தான் இருக்கிறேன், அப்போதும் கழிவு குறைகிறது என்றால் மூன்றைப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதியில் உங்கள் பங்கு மட்டுமே 80சியில் வரும், நிறுவனத்தின் பங்கு வராது. 80சியில் எவ்வளவு சேமித்திருந்தாலும் உச்சவரம்பு 1,50,000. 80டிடிஏ கழிவு சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மட்டும், அதுவும் 10,000 வரை. வைப்புத்தொகை வட்டிக்கு அது கிடையாது.

ஆடிட்டரிடம் செல்ல வேண்டிய கட்டம்: சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் உரிய கடைசித் தேதிக்குள் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தொழில் வருமானம் உள்ளவருக்குப் படிவம் 10-ஐஇஏ தேவை; ஒரு முறை விலகிப் பின் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி விலக முடியாது. பகுதிநேர ஆலோசனைத் தொழில் செய்பவர்கள்கூட இதில் தாமாக முடிவெடுக்க வேண்டாம்.

## அறிகுறி 5: வரி ஒத்துப்போகிறது, கட்ட வேண்டிய தொகை மட்டும் கூடுதல்

வேறுபாடு பத்து ரூபாய்க்குள் இருந்தால் அது முழுமையாக்கம். வரிக்குரிய வருமானமும் இறுதித் தொகையும் அருகிலுள்ள பத்து ரூபாய்க்கு முழுமையாக்கப்படும். அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

வேறுபாடு நூறுகளிலும் ஆயிரங்களிலும் இருந்தால் அது வட்டி. டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்கூட்டிய வரி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. தொழில் வருமானம் இல்லாத, அறுபது வயதை எட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

முதல் அறிகுறியில் கண்டவரையே எடுத்துக்கொள்வோம். அவர் கட்ட வேண்டியது 59,280. எதையும் முன்கூட்டிக் கட்டவில்லை. 2026 ஜூலை 20 அன்று கட்டுகிறார். வட்டி கணக்கிடும்போது தொகை நூறு ரூபாய்க்குக் கீழ்நோக்கி முழுமையாக்கப்படும்.

234பி: ஏப்ரல் முதல் மாதத்துக்கு 1 விழுக்காடு. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமே என்பதால் ஜூலையுடன் 4 மாதம். 59,200 × 4% = 2,368.

234சி: ஜூன் 15க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் 100 என்ற தவணைகள் தவறியதற்கானது. முதல் மூன்று தவணைக் குறைவுக்கும் தலா 3 விழுக்காடு, கடைசிக்கு 1 விழுக்காடு. 264 + 798 + 1,332 + 592 = 2,986.

மொத்தம் 59,280 + 2,368 + 2,986 = 64,634; முழுமையாக்கினால் 64,630 ரூபாய். இவர் பிப்ரவரியிலேயே இரு சம்பளங்களையும் கூட்டிப் பார்த்து, முழு வரியையும் மார்ச் 15க்குள் கட்டியிருந்தால் 234பி வட்டி முழுவதும் மறைந்திருக்கும், 234சியிலும் கடைசி 592 குறைந்திருக்கும்.

உங்கள் கணக்கில் இதற்கும் மேலே 1,000 அல்லது 5,000 ரூபாய் தெரிந்தால், கடைசித் தேதி கடந்துவிட்டது என்று பொருள்: அது 234எஃப் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரி பாக்கியிருந்தால் 234ஏ வட்டியும் கூடவே ஓடத் தொடங்கும்.

## அறிகுறி 6: பிடித்த டிடிஎஸ், கட்டிய வரி கணக்கில் வரவில்லை

அவசரமாகத் தாக்கல் செய்கிறீர்களா? ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் டிடிஎஸ் அறிக்கையைத் தாக்கல் செய்ய நிறுவனங்களுக்கு மே 31 வரை நேரம் உண்டு. ஏப்ரலில் படிவம் 26ஏஎஸ்ஸைத் திறந்துவிட்டு மூன்று மாத வரி காணவில்லை என்று கலங்க வேண்டாம். ஜூன் பாதி வரை பொறுங்கள்.

நீங்களே கட்டிய தொகையா? செலான் ரசீதை எடுத்து மதிப்பீட்டு ஆண்டையும் வகையையும் பாருங்கள். 2025-26 வருமானத்துக்கு ஏப்ரலுக்குப் பின் கட்டுவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டின் சுயமதிப்பீட்டு வரி, குறியீடு 300. புதிய சட்டத்தில் 2026-27 என்பதே நடப்பு வரி ஆண்டின் பெயராகவும் இருப்பதால், நடப்பாண்டுக்கான முன்கூட்டிய வரியாகப் பணம் போய்விடும் வாய்ப்பு இம்முறை கூடுதல்.

ஜூன் முடிந்தும் டிடிஎஸ் வரவில்லையா? சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து 26ஏஎஸ்ஸில் இல்லை என்றால், நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் பான் எண் தவறாகப் பதிந்திருந்தால் அவர்கள் திருத்த அறிக்கை தாக்கல் செய்தால் போதும். இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆடிட்டரிடம் செல்ல வேண்டிய கட்டம்: நிறுவனம் பதில் தராவிட்டாலோ, வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குச் செலுத்தவில்லை என்று தெரிந்தாலோ, சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். சம்பளத்தில் ஏற்கெனவே பிடிக்கப்பட்ட வரியை ஊழியரிடம் மறுபடி நேரடியாகக் கேட்கக்கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 143(1) அறிவிப்பில் அந்தத் தொகை பாக்கியாக வந்துவிட்டால், இந்தச் சான்றுகளோடு முறையாகப் பதில் எழுதத் தெரிந்தவரின் கை தேவைப்படும்.